நட்சத்திரப் படத்தின் கறுப்பு ஓரம்: எங்கே வெட்டுவது?

டிசம்பர் நடுவில், நள்ளிரவு வாக்கில், ஓரியன் விண்மீன் கூட்டம் தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். ஒரு கேமரா, ஒரு முக்காலி, ஒரு 50 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதைப் படமெடுத்துவிடலாம். நான்கு விநாடிப் படங்களாக அறுபது எடுத்து, கணினியில் நட்சத்திரத்தின்மேல் நட்சத்திரம் விழும்படி பொருத்தி, எல்லாவற்றின் சராசரியையும் எடுத்தால், தனிப் படத்தில் மங்கல் பொட்டாகத் தெரிந்த நெபுலாவின் சிறகுகள் வெளியே வரும். வானப் புகைப்படக்காரர்கள் இதை ‘ஸ்டாக்கிங்’ என்கிறார்கள்.

ஸ்டாக்கிங் முடிந்து திரைக்கு வரும் படத்தில் பலருடைய கண் முதலில் போய் நிற்பது நெபுலாவில் அல்ல, ஓரத்தில். ஒரு பக்கமோ இரு பக்கமோ கறுத்த பட்டை ஒன்று ஓடுகிறது. அதன் உள்விளிம்பு நேராக இல்லை. படிப்படியாக மங்கி வானத்தில் கலக்கிறது. சில நேரம் அந்தப் பட்டைக்குள் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. கேமரா கெட்டுவிட்டதோ, லென்ஸில் கோளாறோ என்று புதியவர்கள் பயந்துபோகிறார்கள். கோளாறு எதுவும் இல்லை. பூமி சுழல்கிறது, கேமரா அசையவில்லை என்பதற்கு அந்தப் பட்டைதான் சாட்சி. அதை வெட்டி எறிய வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எவ்வளவு வெட்டுவது, எப்போது வெட்டுவது என்பதில்தான் படத்தின் தரம் இருக்கிறது.

ஒரு கட்டுத் தாள்களைச் சற்றுச் சரித்து மேசைமேல் வைத்தால் நடுவில் எல்லாத் தாளும் இருக்கும். ஓரத்துக்குப் போகப் போகத் தாள்களின் எண்ணிக்கை குறைந்து, கடைசியில் ஒரே ஒரு தாள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டாக்கிங்கில் நடப்பது இதுவே. வானத்தின் ஒரு துண்டு அறுபது படங்களிலும் பதிவாகியிருக்கும். ஓரத்தில் உள்ள துண்டு முப்பதில்தான் இருக்கும். கடைக்கோடித் துண்டு ஒன்றிரண்டில் மட்டும்.

சரிவு எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். வானம் விநாடிக்கு 15 ஆர்க்விநாடி நகர்கிறது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில், 6000 பிக்சலுக்கு 4000 பிக்சல் என்று படம் விழும். அதில் 50 மி.மீ. லென்ஸைப் போட்டால் ஒரு பிக்சல் வானத்தில் ஏறக்குறைய 15 ஆர்க்விநாடியை மூடும். ஆக, வான நடுக்கோட்டின் அருகே இருக்கும் ஓரியனின் இடுப்புப்பட்டை நட்சத்திரங்கள் விநாடிக்கு ஒரு பிக்சல் வீதம் நகர்கின்றன. நான்கு விநாடி எக்ஸ்போஷர், நடுவே ஒரு விநாடி இடைவெளி, அறுபது படங்கள் என்றால் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. வானம் அதற்குள் சுமார் 290 பிக்சல் மேற்கே போயிருக்கும். அறுபது படங்களுக்கும் பொதுவான வானம், நகர்ந்த திசையில் 290 பிக்சல் சுருங்கியிருக்கும். கேமராவைத் தொடாமல், மிகச் சரியாக எடுத்திருந்தாலும் இதுதான் கதை.

நகர்வு சட்டத்தின் நீளப் பக்கத்தோடு ஓடினால் இழப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு; குறுகிய பக்கத்தோடு ஓடினால் 7 சதவீதம். மூலைவிட்டமாக ஓடினால் இரண்டு பக்கமும் வெட்ட வேண்டியிருக்கும், இழப்பு 8 சதவீதத்தைத் தாண்டும். அதனால் நீளப் பக்கத்தைக் கிழக்கு மேற்காக வைக்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஓரியன் முழுதும் வேண்டும் என்றால் இது ஒத்துவராது. வடக்கே தோளில் இருக்கும் திருவாதிரையிலிருந்து தெற்கே காலில் இருக்கும் சைஃப் வரை 17 டிகிரி. இந்தச் சட்டத்தின் குறுகிய பக்கம் மூடுவதும் கிட்டத்தட்ட அதே 17 டிகிரிதான். நட்சத்திரம் விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கும். ஆகவே வேட்டைக்காரன் முழு உருவமும் வேண்டுமென்றால் நீளப் பக்கம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும். குறுகிய பக்கத்தில் 290 பிக்சலைக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்தாலும் நஷ்டமில்லை. ஓரியனின் கிழக்கு மேற்கு அகலம் 10 டிகிரிதான். வெட்டிய பிறகும் அந்தப் பக்கத்தில் 15 டிகிரிக்கு மேல் மிச்சமிருக்கும். வெட்டப்போகும் பட்டையை நினைவில் வைத்து, ஓரியனைச் சட்டத்தின் நடுவில் நிறுத்தி எடுத்தால் போதும்.

அடுத்த கேள்வி, பட்டை எந்தப் பக்கம் விழும் என்பது. அதைத் தீர்மானிப்பது ரெஃபரன்ஸ் படம், அதாவது மற்ற எல்லாப் படங்களையும் எதன்மேல் பொருத்துகிறோமோ அந்தப் படம். முதல் படத்தை ரெஃபரன்ஸாக வைத்தால் கிழக்கு ஓரம் சுத்தமாக இருக்கும். மேற்கு ஓரத்தில் 290 பிக்சல் அகலத்துக்குப் பட்டை விழும். அந்த ஓரத்து வானம் சில விநாடிகளிலேயே சட்டத்தை விட்டு வெளியேறிவிட்டதால் கடைக்கோடியில் ஒரே ஒரு படம்தான் இருக்கும். நடுவில் உள்ள முப்பதாவது படத்தை ரெஃபரன்ஸாக வைத்தால் பட்டை இரண்டாகப் பிரிந்து, மேற்கில் 145, கிழக்கில் 145 பிக்சலாக விழும். ஆனால் இப்போது எந்த ஓரத்திலும் முப்பது படங்களுக்குக் குறையாது.

இந்த வேறுபாடு சின்னது அல்ல. நாய்ஸ் எனப்படும் குறுணல், படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். ஒரே படம் உள்ள இடத்தில் குறுணல் நடுப்பகுதியைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு. முப்பது படம் உள்ள இடத்தில் ஒன்றரை மடங்குக்கும் குறைவு, சரியாகச் சொன்னால் 1.4 மடங்கு. அறுபது படமும் சேர்ந்த பொதுப்பகுதியின் அளவு எந்த ரெஃபரன்ஸை எடுத்தாலும் மாறாது. ஆனால் முக்கியமான நட்சத்திரம் ஒன்று ஓரத்தில் மாட்டிக்கொண்டு, பாதிப் படங்கள் மட்டுமே உள்ள பகுதியையும் வைத்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தால், நடுப்படத்தை ரெஃபரன்ஸாக வைத்தவருக்குக் கையில் இடம் இருக்கும்.

இலவச மென்பொருளான சிரிலில் நடுப்படத்தைத் தேர்ந்தெடுத்து ஸ்டாக் செய்ய மூன்று வரிகள் போதும்:

```
setref pp_light 30
register pp_light
stack r_pp_light rej 3 3 -norm=addscale -out=orion
```

ஓரம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கறுப்பாக இல்லாத ஓரமும் கெட்ட ஓரமாக இருக்கலாம். ஒரு படத்தை நகர்த்திப் பொருத்தும்போது காலியான இடத்தில் மென்பொருள் பூஜ்யத்தை நிரப்புகிறது. சராசரி எடுக்கும்போது அந்தப் பூஜ்யங்களையும் சேர்த்துக் கூட்டினால், முப்பது படம் உள்ள இடத்தின் வெளிச்சம் பாதியாகிவிடும். அதுதான் கண்ணுக்குத் தெரியும் கறுப்பு. பூஜ்யங்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடும் மென்பொருளும் உண்டு. அங்கே ஓரம் கறுக்காது, வெளிச்சம் நடுப்பகுதியைப் போலவே இருக்கும். ஆனால் குறுணல் அப்படியே இருக்கும். கறுப்பைத் தேடுபவர்கள் இந்த ஓரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, கடைசியில் படத்தை வெளிச்சமாக்கும்போதுதான் திடுக்கிடுகிறார்கள்.

அதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. விமானம் அல்லது செயற்கைக்கோள் விட்டுச்சென்ற கோடு ஒன்று ஓரத்தில் தெளிவாகத் தெரிந்து, உள்ளே வரவர மங்கி மறைந்துபோனால், அந்தக் கோடு மறையும் இடம்வரை படங்கள் போதவில்லை என்று பொருள். ஒரே ஒரு படத்தில் மட்டும் தோன்றும் கோட்டை, மற்ற படங்களோடு ஒப்பிட்டுத்தான் மென்பொருள் நீக்குகிறது. ஒப்பிட ஆள் இல்லாத இடத்தில் அதனால் நீக்க முடியாது. சென்சாரின் சூடான பிக்சல்கள் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஓரத்தில் மட்டும் எஞ்சியிருப்பதற்கும் இதே காரணம்.

எல்லா இருட்டும் ஸ்டாக்கிங் தந்த இருட்டு அல்ல. நான்கு மூலைகளும் ஒரேபோல், வட்டமாக, மெல்ல மெல்ல மங்கினால் அது லென்ஸின் இயல்பு. அதை ‘ஃபிளாட்’ படங்களைக் கொண்டு திருத்த வேண்டும். வெட்டித் தள்ளினால் நல்ல வானம் வீணாகும். ஸ்டாக்கிங் ஓரம் நேர்கோடாக, சட்டத்தின் விளிம்புக்கு இணையாகவோ கொஞ்சம் சாய்ந்தோ இருக்கும், ஒரு இடத்தில் சட்டென்று தொடங்கும். இதைப் பார்க்க, சிரிலில் திரைக்காட்சியை `AutoStretch` நிலைக்கு மாற்றி, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்க வேண்டும். சாதாரணக் காட்சியில் ஸ்டாக் செய்த படம் முழுதுமே கறுப்பாகத்தான் தெரியும். அதை வைத்து எல்லையைக் கணிப்பது நடக்காத காரியம்.

நம் ஓரியனுக்கு வருவோம். கேமராவை நிறுத்திப் பிடித்து எடுத்திருந்தாலும் கோப்பில் நீளப் பக்கம் கிடையாகத்தான் இருக்கும். ஆகவே நகர்வு மேலும் கீழுமாகத் தெரியும். மேலே 145, கீழே 145 பிக்சல் என்பது கணக்கு. முக்காலி வானத்தோடு அச்சொட்டாகப் பொருந்தியிருக்காது. நகர்வில் கொஞ்சம் சாய்வு இருக்கும். பொருத்தும்போது விளிம்பை ஒட்டி ஓரிரு பிக்சல் கோடும் விழும். அதனால் மேலும் கீழும் 160, இடமும் வலமும் 20 என்று வெட்டலாம்:

```
load orion
crop 20 160 5960 3680
save orion_crop
```

முதல் இரண்டு எண்களும் வெட்டு தொடங்கும் இடம். அடுத்த இரண்டும் மிஞ்ச வேண்டிய அகலமும் உயரமும். கட்டளை வேண்டாம் என்பவர்கள் மவுஸால் ஒரு செவ்வகம் வரைந்து, வலது பொத்தானை அழுத்தி `Crop` என்பதைத் தேர்ந்தால் அதே வேலை நடக்கும்.

அறுபதுக்கும் பொதுவான பகுதியை மட்டும் மென்பொருளே எடுத்துக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. சிரிலில் `seqapplyreg` கட்டளையோடு `-framing=min` என்று சேர்க்க வேண்டும். டீப்ஸ்கைஸ்டேக்கரில் `Intersection` என்ற முறை. வேலை சுலபம். ஆனால் அறுபதில் ஒரே ஒரு படத்தின்போது யாரோ முக்காலியில் இடித்து, சட்டம் 800 பிக்சல் நகர்ந்திருந்தால், பொதுப்பகுதியும் அந்த ஒரு படத்துக்காக 800 பிக்சல் சுருங்கும். ஐம்பத்தொன்பது நல்ல படங்களின் வானத்தை ஒரு கெட்ட படம் தின்றுவிடும். வெட்டு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக வந்தால், முதலில் படப் பட்டியலில் நகர்வு அளவைப் பார்த்து, விலகி நிற்கும் படத்தைக் கழித்துவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

இனி, எப்போது வெட்டுவது? ஸ்டாக்கிங் முடிந்த உடனே, வேறு எதையும் தொடுவதற்கு முன். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

காரணம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. ஊர் விளக்கின் வெளிச்சம் படத்தின் ஒரு பக்கத்தை ஆரஞ்சாக்கியிருக்கும். அதை நீக்க, மென்பொருள் படத்தின் பல இடங்களில் வானத்தின் வெளிச்சத்தை அளந்து, அந்த அளவுகளின் வழியாக மென்மையான ஒரு பரப்பை வளைத்து, படத்திலிருந்து கழிக்கிறது. கறுத்த பட்டையின்மேல் சில அளவுப் புள்ளிகள் விழுந்துவிட்டால், அந்தப் பரப்பு அங்கே கீழே இறங்கும். மென்மையான பரப்பு ஆகையால் சட்டென்று இறங்க அதனால் முடியாது. பட்டைக்கு வெகு முன்பே, நல்ல வானத்தின் மேலேயே இறங்கத் தொடங்கிவிடும். அங்கே கழிக்க வேண்டியதைவிடக் குறைவாகக் கழிக்கப்படும். விளைவு, பட்டையை ஒட்டி உள்பக்கமாக ஒரு பொய் வெளிச்சம். பிறகு வெட்ட உட்கார்ந்தால் பட்டையை மட்டும் வெட்டினால் போதாது, அந்த வெளிச்சத்தையும் சேர்த்து வெட்ட வேண்டும். அது எங்கே முடிகிறது என்று யாராலும் கோடு கிழித்துச் சொல்ல முடியாது. ஓரியன் பகுதியில் இது இன்னும் ஆபத்து. பர்னார்ட் வளையம் என்ற மங்கலான சிவப்பு வாயு வில் கிழக்குப் பக்கமாகவே வளைந்து போகிறது. பொய் வெளிச்சமும் அதுவும் கலந்துவிட்டால் எது வானம், எது கணக்குப் பிழை என்று பிரிக்க வழி இல்லை.

நிறச் சமநிலை, வெளிச்சம் கூட்டுதல் போன்ற வேலைகளும் படம் முழுவதன் புள்ளிவிவரத்தை வைத்தே நடக்கின்றன. ஆகவே அவையும் வெட்டிய படத்தின்மேல்தான் நடக்க வேண்டும். ஒற்றை நிறக் கேமராவில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக எடுப்பவர்கள் மூன்றையும் ஒன்றுக்கொன்று பொருத்திவிட்டு, மூன்றிலும் மோசமான ஓரம் எதுவோ அதைப் பார்த்து, ஒரே அளவில் மூன்றையும் வெட்ட வேண்டும். தனித்தனியாக வெட்டினால் அளவு ஒத்துப்போகாது, நிறங்கள் சேரா.

இதுவரை பார்த்தது, நேராக நகரும் வானம். முக்காலியில் எடுக்கும்போது ஓரியன் போன்ற நடுக்கோட்டு விண்மீன்கள் ஏறக்குறைய நேராக நகரும். துருவ நட்சத்திரத்தின் பக்கம் கேமராவைத் திருப்பினால் சட்டம் நகராமல் சுழலும். சமீப ஆண்டுகளில் பரவலாகிவரும் சீஸ்டார் எஸ்50 போன்ற தானியங்கித் தொலைநோக்கிகளிலும் சுழற்சிதான் பிரச்சினை. அவை பொருளைச் சட்டத்தின் நடுவிலேயே பிடித்து வைக்கும். ஆனால் மேல் கீழ், இடம் வலம் என்று இரு அச்சில் மட்டும் அசைவதால், வானம் அந்த நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருக்கும். ஸ்டாக் செய்த படத்தின் நான்கு மூலைகளும் விசிறியாகப் பிய்ந்து போகும்.

இங்கே தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பொருள் உச்சியை நெருங்க நெருங்கச் சுழற்சியின் வேகம் கூடும். லண்டனில் ஓரியன் நெபுலா தெற்கே மிக உயரமாக வரும்போதும் 33 டிகிரிதான்; அப்போது சட்டம் மணிக்கு சுமார் 11 டிகிரி வேகத்தில் சுழலும். சென்னையில் அதே நெபுலா 71 டிகிரி உயரத்துக்கு வருகிறது. சுழற்சி வேகம் மணிக்கு சுமார் 46 டிகிரி. பத்தே நிமிடத்தில் சட்டம் ஏறத்தாழ 8 டிகிரி திரும்பிவிடும். 1920-க்கு 1080 பிக்சல் உள்ள அந்தத் தொலைநோக்கியின் படத்தில், நீளவாக்கின் முனைகள் அதற்குள் 130 பிக்சலுக்கு மேல் விலகியிருக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் தரும் ‘ஓரத்தில் கொஞ்சம் வெட்டினால் போதும்’ என்ற யோசனை இங்கே பொருந்தாததன் காரணம் இந்த அகலாங்கு வேறுபாடுதான்.

வழி இருக்கிறது. சுழற்சி திசையைப் பொறுத்தது. நேர் கிழக்கிலோ நேர் மேற்கிலோ அது பூஜ்யம். சென்னையில் ஓரியன் நெபுலா கிழக்கே எழுந்து 40 டிகிரி உயரத்தில் இருக்கும்போது சுழற்சி மணிக்கு 6 டிகிரிதான். டிசம்பர் நடுவில் அது இரவு ஒன்பது மணி வாக்கில் கிடைக்கும் நிலை. நள்ளிரவு உச்சிக்காகக் காத்திருப்பதைவிட ஒன்பது மணிக்கே தொடங்குவது ஓரத்தை மிச்சப்படுத்தும். அதையும் தவறவிட்டால், எவ்வளவு சுழன்றாலும் நடுவில் 1080 பிக்சல் விட்டமுள்ள ஒரு வட்டம் எல்லாப் படங்களிலும் இருந்தே தீரும். அதற்குள் அடங்கும் சதுரத்தை வெட்டி எடுக்கலாம்.

தொழில்முறை வானியலாளர்கள் ஓரத்தை வெட்டுவதில் நம்மைப்போல அவசரப்படுவதில்லை. 1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி எடுத்த ‘ஹபிள் டீப் ஃபீல்டு’ 342 படங்களைச் சேர்த்து உருவானது. தொலைநோக்கி வேண்டுமென்றே சற்றுச் சற்று நகர்த்தப்பட்டு எடுக்கப்பட்டவை அவை. இப்படிச் சேர்க்கப்படும் ஹபிள் படங்களோடு ‘வெயிட் மேப்’ என்ற இன்னொரு படமும் தரப்படுகிறது. ஒவ்வொரு பிக்சலுக்கும் பின்னால் எவ்வளவு நம்பகமான தரவு இருக்கிறது என்பதை அது காட்டும். ஓரத்தில் உள்ள ஒரு புள்ளியை நம்பலாமா கூடாதா என்று ஆய்வாளர் அதைப் பார்த்து முடிவு செய்வார். வீட்டில் படம் சேர்ப்பவரிடம் அந்த வரைபடம் பெரும்பாலும் இருக்காது. படத்தைப் பார்ப்பவரிடமும் இருக்காது. அதனால்தான் நமக்கு வெட்டு தேவைப்படுகிறது.

வெட்ட மனமில்லாமல் சிலர் இன்னொரு வேலை செய்கிறார்கள். படத்திருத்த மென்பொருளில் கறுப்புப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துப் பகுதியைப் பார்த்துத் தானாக நிரப்பும் கருவியை ஓட்டுகிறார்கள். பட்டை மறைந்து, அங்கே நட்சத்திரங்கள் முளைக்கும். அவை வானத்தில் இல்லாத நட்சத்திரங்கள். இது கூடவே கூடாது. சட்டம் குறுகினால் குறுகட்டும். ஓரியன் முழுதும் உள்ளே இருக்கிறதல்லவா, அது போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெட்டிய படத்தை `orion_crop` என்று தனிப் பெயரில் சேமியுங்கள். வெட்டாத `orion` கோப்பையும், அறுபது மூலப் படங்களையும் அழித்துவிடாதீர்கள். அடுத்த ஆண்டு அதே லென்ஸோடு இன்னொரு அறுபது படம் எடுத்து இவற்றோடு சேர்க்கும்போது, இன்று பாதிப் படங்கள் மட்டுமே இருந்த ஓரத்தில் புதிய படங்கள் வந்து விழக்கூடும்.